தாத்தாவின் பதிவு பேத்திக்கு வராது: சித்த மருத்துவப் பதிவுச் சான்றிதழ் எதுவரை செல்லும்?

*ஐயா, வணக்கம். 2019-ல் பி.எஸ்.எம்.எஸ். சேர்ந்து படிப்பையும் ஓராண்டு பயிற்சியையும் முடித்துவிட்டேன். எங்கள் தாத்தா திண்டுக்கல் பக்கம் பெயர் பெற்ற வைத்தியர். 1960-களிலேயே வாரியத்தில் பதிவு செய்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய வைத்தியசாலையை நான் நடத்த வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள். என் சித்தப்பா தாத்தாவோடு முப்பது ஆண்டுகள் இருந்தவர். அவருக்குப் பட்டம் இல்லை. வேறு மாநிலத்திலுள்ள ஒரு சங்கத்தில் பணம் கட்டி "பதிவு பெற்ற பாரம்பரிய வைத்தியர்" என்று சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறார். போர்டில் தாத்தாவின் பதிவு எண்ணையும் எங்கள் இருவர் பெயரையும் போடலாம் என்கிறார். வருகிறவர்கள் ஊசி போடச் சொல்கிறார்கள், லீவுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். தாத்தா தைலமும் செந்தூரமும் செய்து கடைகளுக்கும் கொடுத்துவந்தார். என் பதிவுச் சான்றிதழ் இதில் எதற்கெல்லாம் செல்லும்?*

*– ஒரு சித்த மருத்துவர்*

அன்புள்ள மருத்துவருக்கு,

நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும் மூன்றாம் ஆண்டில் நடத்தும்போது மாணவர்கள் நஞ்சு நூலை ஊன்றிப் படிப்பார்கள். நீதி நூலைத் தேர்வுக்காகப் படிப்பார்கள். நீங்கள் வாசலைத் திறப்பதற்கு முன்பே கேட்டது எனக்கு மிகுந்த ஆறுதல். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை நோட்டீஸ் வந்த பிறகோ போலீஸ் வந்த பிறகோதான் வருகின்றன.

பதிவுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ஒரு பெயர், ஒரு தகுதி, ஒரு மருத்துவ முறை, ஓர் எண். சட்டம் உங்களுக்குக் கொடுப்பதெல்லாம் அந்த நான்குக்குள் அடங்கும். அது ஓர் ஆளுக்கு உரியது. வீட்டுக்கோ கட்டடத்துக்கோ பரம்பரைக்கோ உரியதன்று. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் உங்கள் பதிவு. தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்களின் பதிவேட்டைத் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றம் வைத்திருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. ஆயுர்வேதம், யுனானி படித்தவர்கள் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். இரண்டு அலுவலகங்களும் சென்னை அரும்பாக்கத்தில் ஒரே வளாகத்தில் இருப்பதால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாறி நின்றுவிடுவதுண்டு. பயிற்சி ஆண்டுக்காக நீங்கள் வாங்கியது தற்காலிகப் பதிவு. கல்லூரி மருத்துவமனையில், மேற்பார்வையில் வேலை செய்வதற்கு மட்டுமே அது செல்லும். பயிற்சி முடித்த சான்றும் பல்கலைக்கழகச் சான்றும் கொடுத்து நிரந்தரப் பதிவு வாங்கும் நாள்வரை, தனியாக ஒரு நோயாளியைப் பார்த்து மருந்து எழுத உங்களுக்கு உரிமை இல்லை. "படிப்புதான் முடிந்துவிட்டதே" என்று இடைப்பட்ட மாதங்களில் போர்டு மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் ஒரு புகார் வந்தால், கையில் பட்டம் இருந்தும் பதிவில்லாதவர் என்ற கணக்கிலேயே சட்டம் அவர்களைப் பார்க்கும். நீங்கள் நிரந்தரப் பதிவு வாங்கிவிட்டீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. வாங்கவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு இதை முடியுங்கள். (உங்களுக்குப் பின்னால் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021–22 கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் முதல், பதிவுக்குத் தேசிய அளவிலான வெளியேறு தேர்வு உண்டு என்று ஆயுஷ் அமைச்சகம் அறிவித்திருக்கிறது. உங்கள் அணிக்கு அது பொருந்தாது.)

நிரந்தரப் பதிவு உங்களுக்குத் தரும் உரிமைகள் உண்மையிலேயே பெரியவை. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுமச் சட்டம் அவற்றை வரிசைப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டமும் அவற்றைத் தொடர்கிறது. சித்த மருத்துவம் பார்க்கலாம். அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவர் பதவி வகிக்கலாம். சட்டப்படி மருத்துவர் கையொப்பமிட வேண்டிய நோய்ச் சான்று, உடற்தகுதிச் சான்றுகளில் கையொப்பமிடலாம். இந்திய மருத்துவம் தொடர்பான வழக்கில் நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்லலாம். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. மீறினால், புதிய சட்டத்தில் ஓராண்டுவரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு ஆயிரம் ரூபாயாக இருந்தது. "அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்ற பேச்சு அந்தக் காலத்தோடு போய்விட்டது.

இனி தாத்தாவின் எண். படித்துப் பட்டம் பெறாமல் பரம்பரையாகவும் அனுபவத்தாலும் மருத்துவம் பார்த்தவர்களையும் அக்காலத்தில் வாரியம் தன் பதிவேட்டில் சேர்த்தது. ஆர்.ஐ.எம்.பி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே மாநிலப் பதிவேட்டில் இருந்தவர்களின் தொழிலை "அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை" என்ற ஒரே காரணத்துக்காகப் பறிக்கக் கூடாது என்று அதிலேயே விதிவிலக்கு வைத்தார்கள். உங்கள் தாத்தா கடைசிவரை முறையாக மருத்துவம் பார்த்தது அந்த விதிவிலக்கின் நிழலில்தான். அது அவருடைய ஆயுளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு. அவர் மறைந்ததோடு அந்தப் பதிவும் முடிந்துவிட்டது. போர்டிலோ மருந்துச் சீட்டிலோ அந்த எண்ணைத் தொடர்ந்து போட்டால், இல்லாத ஒரு மருத்துவர் அங்கே இருப்பதாக மக்களிடம் சொல்வதாகும். அவர் படத்தை மாட்டுங்கள், அவர் பெயரையே வைத்தியசாலைக்கு வையுங்கள்; அதில் தவறே இல்லை. எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். அவருடைய அசல் சான்றிதழைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். அது குடும்பத்தின் ஆவணம். அதை வைத்துத் தொழில் நடத்த முடியாது.

சித்தப்பாவின் விஷயம்தான் இதில் கடினம். குடும்பம் என்பதால் மட்டும் அல்ல; அவருக்கு உண்மையாகவே நிறையத் தெரிந்திருக்கும் என்பதாலும்தான். முப்பது ஆண்டு தாத்தாவின் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்த சரக்குச் சுத்தியும் புடம் போடும் பக்குவமும் கல்லூரியை விட்டு வந்த நமக்குத் தெரியாது. ஆனால் சட்டம் இங்கே அறிவை அளக்கவில்லை, பதிவைக் கேட்கிறது. அவர் வாங்கியிருக்கும் தாளை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். இத்தகைய சான்றிதழ்களின் மேல் "அரசு பதிவு பெற்றது" என்று பெரிதாக இருக்கும். ஒரு பதிவு எண்ணும் இருக்கும். அது பெரும்பாலும் அந்தச் சங்கமோ அறக்கட்டளையோ சங்கப் பதிவுத் துறையிலோ பத்திரப் பதிவுத் துறையிலோ பதிவான எண்ணாக இருக்கும். சங்கம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்தச் சங்கம் யாரையும் மருத்துவராக ஆக்கலாம் என்பதற்குச் சான்றாகாது. கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: இந்தத் தகுதி சட்டம் அங்கீகரித்த தகுதிகளின் பட்டியலில் இருக்கிறதா? இந்தப் பெயர் ஒரு மாநில மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்று விடை வராத தாளுக்கு, எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் மதிப்பு இல்லை. ஆர்.எம்.பி. என்றும், மாற்று மருத்துவப் பட்டம் என்று சொல்லி எம்.டி. (ஏ.எம்.) என்றும் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கும் இதே சோதனைதான்.

நீதிமன்றம் இதில் தயங்கியதே இல்லை. ஒரு காலத்தில் பட்டியலிலேயே இருந்த தகுதிகூட இப்படி விழுந்திருக்கிறது. அலகாபாத்தின் இந்தி சாகித்திய சம்மேளனம் கொடுத்த "வைத்திய விசாரத்", "ஆயுர்வேத ரத்னா" சான்றுகள் 1931 முதல் 1967 வரை மட்டுமே அங்கீகாரம் பெற்றவை. அதன் பிறகும் அந்தச் சான்றை வாங்கித் தொழில் செய்தவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1967-க்குப் பிந்தைய சான்று செல்லாது என்று 2010-ல் தீர்ப்பானது. 2018 ஏப்ரலில் கேரளத்தின் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கிலும், அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரை அறிவை மட்டும் காட்டி மருத்துவம் பார்க்க முடியாது என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது.

சித்தப்பா ஒரு வாதம் வைப்பார் என்று எதிர்பார்க்கிறேன்; இத்தகைய சங்கங்கள் அதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கின்றன. "ஐந்து ஆண்டு தொழில் செய்தவருக்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது" என்பது அது. அப்படி ஒரு பிரிவு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது உண்மை. அதை முழுதாகப் படித்தால் இரண்டு நிபந்தனைகள் தெரியும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அந்த மாநிலத்தில் இந்திய மருத்துவப் பதிவேடே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்பே அவர் ஐந்து ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவேடு இருந்தது. உங்கள் தாத்தா அதில் இருந்ததே அதற்குச் சாட்சி. சித்தப்பா முப்பது ஆண்டுக்கு முன்னால் தொழிலுக்கு வந்தவர். இரண்டு நிபந்தனையிலும் அவர் வெளியே நிற்கிறார்.

அவரை என்ன செய்வது? அவர் வைத்தியசாலையில் இருக்கலாம். இருக்க வேண்டும் என்றே சொல்வேன். சரக்கு தேர்ந்தெடுப்பது, சுத்தி செய்வது, அரைப்பது, எரிப்பது, நீங்கள் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுப்பது, நீங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி தொக்கணம் செய்வது ஆகியவை உங்கள் மேற்பார்வையில் அவர் செய்யக்கூடியவை. நாடி பார்த்து நோயைக் கணிப்பதும், மருந்து இன்னதென்று தீர்மானிப்பதும், சீட்டு எழுதுவதும் உங்களுடையவை. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வைத்தியசாலையில் மருத்துவம் நடக்கக் கூடாது. போர்டில் அவர் பெயர் "வைத்தியர்" என்று வரக் கூடாது. உங்கள் பெயரின் மறைவில் பதிவில்லாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், அவர் மேல் குற்ற வழக்கு வருவது ஒரு பக்கம் இருக்க, உங்கள் மேல் மன்றம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவதுவரை அது போகலாம். ஐந்தரை ஆண்டு படிப்பை அதற்குப் பணயம் வைக்காதீர்கள். இதை அவரிடம் நீங்கள் தனியாகச் சொல்வதைவிட, உங்கள் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு சட்டத்தின் வாசகத்தைக் காட்டிச் சொல்வது நல்லது. வயதில் சிறியவள் தன்னை ஒதுக்குகிறாள் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடக் கூடாது.

ஊசிக்கு வருகிறேன். இங்கே தமிழ்நாட்டு நிலை மற்ற மாநிலங்களைவிடச் சற்றுச் சிக்கலானது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். இந்திய மருத்துவப் பட்டம் பெற்றவர் நவீன மருந்து எழுதலாமா என்ற கேள்விக்கு 1998 அக்டோபரில் முக்தியார் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. அவர் பதிவு பெற்றிருக்கும் மாநிலத்தின் சட்டம் நவீன மருத்துவம் பார்க்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தால் மட்டுமே எழுதலாம். பாடத்திட்டத்தில் கொஞ்சம் நவீன மருத்துவம் படித்தார் என்பது மட்டும் போதாது. அதன் பிறகு 2010 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை வெளியிட்டது. கல்லூரியில் படித்துப் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருத்துவர்கள், தாங்கள் பெற்ற பயிற்சிக்கும் படித்த பாடத்துக்கும் ஏற்ப, தங்கள் முறையோடு நவீன மருத்துவத்தையும் கையாளத் தகுதி உடையவர்கள் என்று அது சொல்கிறது. போலி மருத்துவர் என்று போலீஸ் பிடிக்க வரும்போது நம்மவர்கள் எடுத்துக் காட்டுவது இந்த அரசாணையைத்தான்.

அரசாணை இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். அதற்குள் இருக்கும் "பெற்ற பயிற்சிக்கு ஏற்ப" என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். மூன்று நாள் காய்ச்சலோடு முப்பது வயது இளைஞர் வருகிறார். உடல்வலி தாங்கவில்லை, ஊசி வேண்டும் என்கிறார். நீங்கள் டைக்ளோஃபினாக் ஊசி போடுகிறீர்கள். வலி குறைகிறது, அவர் போய்விடுகிறார். அது டெங்குவாக இருந்தால், இரத்தக்கசிவை மோசமாக்கக்கூடிய மருந்தை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு நாளில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அந்த நிலையில் நுகர்வோர் ஆணையத்தில் உங்களிடம் கேட்பது "உங்களுக்கு அரசாணை உண்டா?" என்பதோடு நிற்காது. இந்த மருந்தைப் பற்றி எங்கே பயிற்சி பெற்றீர்கள், இரத்தப் பரிசோதனை செய்தீர்களா, நவீன மருத்துவர் ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று கேட்பார்கள். பம்பாயில் ஒரு ஹோமியோபதி மருத்துவர் காய்ச்சல் நோயாளிக்கு நவீன மருந்துகளைக் கொடுத்து, நோயாளி இறந்த வழக்கில், தனக்குத் தகுதியில்லாத மருத்துவ முறையில் சிகிச்சை அளித்ததே கவனக்குறைவுதான், அதற்கு வேறு நிரூபணம் தேவையில்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் அரசாணை அந்த வாதத்துக்கு ஒரு பதிலைக் கொடுக்கிறது. ஆனால் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டிலிருந்து அது காப்பாற்றாது.

அதே இளைஞருக்கு உங்கள் பதிவு முழுமையாக அனுமதிப்பதைச் செய்து பாருங்கள். நோய்க் குறிப்பேட்டில் நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், நாடி, உடல் வெப்பம், இரத்த அழுத்தம் எல்லாம் எழுதுகிறீர்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறீர்கள். இரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கும் டெங்குவுக்கும் பரிசோதனை எழுதித் தருகிறீர்கள். தட்டணுக்கள் குறைந்து, வயிற்றுவலியோ வாந்தியோ இரத்தக்கசிவோ தெரிந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்கு எழுத்து மூலமாக அனுப்பி, அனுப்பிய நேரத்தைக் குறிப்பேட்டில் பதிகிறீர்கள். அந்தக் குறிப்பேடு எந்த வழக்கிலும் உங்களுக்காகப் பேசும். ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் வைத்தியசாலையில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊசி போடாததால் சில நோயாளிகள் வராமல் போவார்கள், போகட்டும். இன்னும் ஒன்று: கருக்கலைப்புச் சட்டத்தில் "மருத்துவர்" என்பது நவீன மருத்துவப் பதிவேட்டில் இருப்பவரைத்தான் குறிக்கும். மாத்திரை கொடுத்துக் கலைப்பதும் அதில் அடங்கும். எந்த அரசாணையும் உங்களை அங்கே கொண்டுபோகாது. யார் கெஞ்சினாலும் கையை வைக்காதீர்கள்.

லீவுச் சான்றிதழ் கொடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று மேலே சொன்னேன். சில அலுவலகங்களும் பள்ளிகளும் "சித்த மருத்துவர் சான்று ஏற்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது உங்கள் பதிவு எண்ணையும் சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தங்கள் ஊழியர் குறிப்பிட்ட மருத்துவரிடமோ மருத்துவக் குழுவிடமோ சான்று வாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே வாதாடிப் பயனில்லை. சான்றிதழுக்கென்று எண்ணிட்ட தனிப் புத்தகம் வைத்து, அடித்தாளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பேட்டில் அந்த நாளில் அந்த நோயாளியைப் பார்த்த பதிவு இல்லாமல் ஒரு சான்றுகூட வெளியே போகக் கூடாது. பின்தேதி போட்டுக் கேட்பவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். பொய்ச் சான்று குற்றம் என்பதோடு, மன்றத்துக்கு வரும் புகார்களில் நிரூபிக்க மிக எளிதானதும் இதுதான். தாளில் உங்கள் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதே.

மருந்து செய்வதில் உங்களுக்கு ஓர் அருமையான உரிமை இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது. அதே இடத்தில், வைத்தியரும் ஹக்கீமும் தங்கள் சொந்த நோயாளிகளுக்காகச் செய்யும் மருந்துக்கு அந்த உரிமம் வேண்டாம் என்று விலக்கும் அளிக்கிறது. எனவே நீங்கள் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிய நோயாளிக்கு உங்கள் வைத்தியசாலையிலேயே காய்ச்சிய தைலத்தைக் கொடுத்து விலை வாங்கலாம். குப்பியில் நோயாளி பெயரும் மருந்தின் பெயரும் செய்த நாளும் அளவும் எழுதிக் கொடுங்கள்.

தாத்தா கடைகளுக்குக் கொடுத்தது இந்த விலக்குக்குள் வராது. நாட்டு மருந்துக் கடைக்கு ஐம்பது குப்பி போய்விட்டால், அதை வாங்குகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவர் உங்கள் நோயாளி அல்லர். முகம் பார்க்காமல் கூரியரில் அனுப்புவதும், சமூக ஊடகத்தில் படம் போட்டு ஆர்டர் எடுப்பதும் அப்படித்தான். அதைத் தொடர வேண்டும் என்றால் மாநில உரிம அதிகாரியிடம் 25-டி படிவத்தில் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மருந்து விதிகளின் அட்டவணை 'T' சொல்லும் இடவசதி, கருவிகள், தகுதியுள்ள ஆள், தரப் பரிசோதனை எல்லாம் வேண்டும். அவ்வளவு முதல் இல்லாதவர்கள் உரிமம் உள்ள ஒரு தயாரிப்பு நிலையத்தில் தங்கள் மருந்தைச் செய்து வாங்க 25-இ படிவத்தில் கடன் உரிமம் பெறலாம். தைலத்தின் மேல் குடும்பத்துக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. அதற்கு இந்த வழி ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதல் ஆண்டிலேயே அதில் இறங்க வேண்டியதில்லை.

செந்தூரத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. இலிங்கம், வீரம், பூரம், தாளகம், எட்டி, நாபி போன்றவை மருந்துச் சட்டத்தின் நச்சுப் பட்டியலில் இருப்பவை. அவை சேர்ந்த மருந்தால் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டது என்று புகார் வந்தால், என்ன சரக்கு, எங்கே வாங்கியது, எப்படிச் சுத்தி செய்தது, எத்தனை புடம், எந்த அளவில் எத்தனை நாள் கொடுத்தது என்று எழுத்தில் காட்ட வேண்டும். "சித்தப்பாவுக்குத் தெரியும்" என்பது விடையாகாது. அவர் செய்வதை ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளுங்கள். அது உங்களுக்குப் பாதுகாப்பு, அவருடைய அறிவுக்கும் பதிவு. அந்தப் பழக்கம் கைவரும்வரை உலோக, பாஷாண மருந்துகளை இம்காப்ஸ், டாம்ப்கால் போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். 1944-ல் தொடங்கிய இம்காப்ஸ் நம் மருத்துவர்களின் கூட்டுறவு அமைப்பு. பதிவு பெற்றவர் என்ற முறையில் அதில் நீங்கள் உறுப்பினராகவும் ஆகலாம்.

பழைய போர்டில் சர்க்கரை, பக்கவாதம், வெண்புள்ளி, ஆண்மைக்குறைவு என்று வரிசையாக எழுதியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தத் தலைமுறையின் போர்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். 1954-ஆம் ஆண்டின் விளம்பரத் தடைச் சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நான் மேலே சொன்ன நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புற்றுநோயும் வலிப்பும் உண்டு. நோட்டீஸ், லேபிள், உறை எல்லாமே சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். இந்த நோய்களுக்கு நீங்கள் சிகிச்சை அளிக்கலாம், தடை விளம்பரத்துக்குத்தான். புதிய போர்டில் உங்கள் பெயர், பி.எஸ்.எம்.எஸ்., பதிவு எண், பார்க்கும் நேரம் இவை போதும்.

கடைசியாக, கட்டடத்துக்கும் ஒரு பதிவு உண்டு. மன்றத்தின் பதிவு உங்களுக்கு. வைத்தியசாலை என்ற இடத்துக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு வேண்டும். ஒரே மருத்துவர் புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் சித்த மருத்துவ இடத்துக்கும் இது பொருந்தும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா பெயரில் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் அதை வைத்து ஓட்ட முடியாது. உங்கள் பெயரில் புதிதாகப் போடுங்கள். விண்ணப்பத்தோடு உங்கள் நிரந்தரப் பதிவுச் சான்றின் நகலை இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பு பட்டச் சான்று, பதிவுச் சான்று, ஆதார் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பெயர் மாறியிருந்து கோப்பு திரும்பி வந்தால், அரும்பாக்கத்துக்கு மறுபடி ஒரு முறை அலைய வேண்டியிருக்கும்.